நாளைய தேர்வு, இன்றைய முடிவு

மழைக்காலத்தில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கும்:

"கனமழை காரணமாக, நாளை நடைபெறவிருந்த தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டுள்ளன. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்."

இருப்பது இரண்டே வாக்கியம். ஒன்று 'பட்டுள்ளன' என்று முடிகிறது, மற்றது 'படும்' என்று முடிகிறது. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சியில் பலர் சறுக்குவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இந்தத் தாள் எழுதப்படும் முன் முதல்வர் அலுவலகத்தில் என்ன சொல்லியிருப்பார்? "நாளைக்கு நடக்க இருந்த தேர்வுகளை ஒத்திவைத்திருக்கிறோம். புதிய தேதியைப் பின்னர் அறிவிப்போம்." இதைத்தான் பலகைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

முதலில் 'எதை?' என்று கேளுங்கள். எதை ஒத்திவைத்தார்கள்? தேர்வுகளை. அந்த 'ஐ'யை எடுத்துவிட்டால் 'தேர்வுகள்' எழுவாய் ஆகிவிடும். அடுத்தது வினை. 'ஒத்திவை' என்பதை 'ஒத்திவைக்க' என்று ஆக்கி, அதோடு 'படு' சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு 'ப்' வரும்: ஒத்திவைக்கப்படு. இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுத வேண்டும். செய்தவரைச் சொல்வதென்றால் 'முதல்வரால்' என்று 'ஆல்' போடலாம். ஆனால் தேர்வு உண்டா இல்லையா என்று பார்க்க ஓடி வருபவருக்கு அது எதற்கு? பலகையில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள்.

இனி காலம். 'நாளை' என்ற சொல்லைப் பார்த்ததும் "ஒத்திவைக்கப்படும்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். நாளை நடக்க இருந்தது தேர்வு. ஒத்திவைத்தது இன்றே முடிந்துபோன வேலை. முடிவு எடுத்தாயிற்று, அதன் விளைவு இப்போதும் நிற்கிறது. அதனால்தான் 'பட்டு' என்பதோடு 'உள்ளன' சேர்கிறது. "நாளைய தேர்வுகள் ஒத்திவைக்கப்படும்" என்று பலகையில் இருந்தால், இனிமேல்தான் ஒத்திவைப்பார்கள் போலிருக்கிறது என்று மாணவர் குழம்புவார். குடையை எடுத்துக்கொண்டு தேர்வு எழுதக் கிளம்பினாலும் அவர்மேல் தப்பில்லை! புதிய தேதியோ இன்னும் முடிவாகவில்லை. ஆகவே அதற்கு 'அறிவிக்கப்படும்' தான் சரி.

ஆக, காலத்தை முடிவு செய்யும்போது வாக்கியத்தில் எங்கோ இருக்கும் 'நாளை'யைப் பார்க்காதீர்கள். வினை சொல்லும் வேலை முடிந்ததா, இனிமேல் நடக்குமா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. 'படும்' ஒருமை, பன்மை பார்ப்பதில்லை: கதவு திறக்கப்படும், கதவுகள் திறக்கப்படும். 'பட்டுள்ளது' அப்படி இல்லை: கதவு திறக்கப்பட்டுள்ளது, கதவுகள் திறக்கப்பட்டுள்ளன. ஆள்கள் என்றால் இரண்டுமே மாறும்: மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள், தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனர். "தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்று அச்சடித்த அறிவிப்புகளையே நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் எழுதினாலும் அது பிழைதான்.

ஆங்கில வகுப்பிலும் இதே கதைதான். அங்கே 'படும்' செய்யும் வேலையை 'வில் பி' செய்கிறது; அது ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது. 'பட்டுள்ளது' என்பதற்கு 'ஹேஸ் பீன்', 'பட்டுள்ளன' என்பதற்கு 'ஹேவ் பீன்'. ஒரு விஷயத்தில் மட்டும் ஆங்கிலம் கறார். 'ஹேஸ் பீன்' போட்ட வாக்கியத்தில் 'யெஸ்டர்டே' வரக் கூடாது. தமிழில் "நேற்று திறக்கப்பட்டுள்ளது" என்று செய்தித்தாள்களே எழுதுகின்றன. இருந்தாலும் நாளைக் குறிப்பிட்டுச் சொல்லும்போது "நேற்று திறக்கப்பட்டது" என்பதுதான் தெளிவு.

'படும்' இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். "இங்கு சைக்கிள் பழுது பார்க்கப்படும்" என்ற பலகை எதிர்காலத்தையா சொல்கிறது? இல்லை, தினமும் நடக்கும் வேலையைச் சொல்கிறது. ஆகவே ஒருநாள் மட்டும் நடக்கப்போகும் காரியத்துக்குத் தேதியும் நேரமும் கட்டாயம் வேண்டும். வெறுமனே "குடிநீர் நிறுத்தப்படும்" என்றால் எந்த வீட்டில் குடத்தை நிரப்பி வைப்பார்கள்? "வரும் சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை குடிநீர் நிறுத்தப்படும்" என்றால் அத்தனை குடமும் வெள்ளிக்கிழமை இரவே நிரம்பிவிடும்.

எல்லா வாக்கியத்தையும் இப்படி மாற்ற முடியுமா? "நாளை மழை பெய்யும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'எதைப் பெய்யும்?' என்று கேட்டால் பதிலே வராது. எடுப்பதற்கு 'ஐ' இல்லை, எழுவாயாக்கப் பொருளும் இல்லை. பயிற்சித்தாளில் அப்படி ஒரு வாக்கியம் வந்தால் மாற்றாமல் விடுவதுதான் சரியான விடை.