எல்லாப் படத்திலும் ஒரு வெள்ளைச் சட்டை

கல்யாணம் முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டுடியோவில் ஒரு போட்டோகிராபர் ஆல்பத்துக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் உதவியாளன் திரையைக் காட்டிக் கேட்கிறான்: "அண்ணே, இந்த வெள்ளைச் சட்டைப் பெரியவர் யாருண்ணே? எல்லாப் படத்துலயும் இருக்காரு!"

சிறுகதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. இந்தத் தொடக்கத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த பக்கத்திலேயே பெரியவரைப் பேயாக்கிவிடுகிறார்கள். மதுரைப் பக்கத்து மண்டபங்களில் பன்னிரண்டு வருஷம் கல்யாணப் படம் எடுத்தவன் நான். ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஆற்றாமையாக இருக்கும். அந்தப் பெரியவர் யார் என்று கண்டுபிடிக்கும் வழி எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வழியில் போனால் கிடைக்கும் கதை, பேய்க் கதையைவிட ஆழமானது.

படத்தில் பேய் வருவது 1860களின் சமாச்சாரம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வில்லியம் மம்லர் என்பவர், படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய இறந்துபோன உறவினர் மங்கலாக நிற்பதுபோல் படம் எடுத்துக் கொடுத்தார். 1869இல் நியூயார்க்கில் அவர்மேல் மோசடி வழக்கு நடந்தது; ஏமாற்றிய விதத்தை நிரூபிக்க முடியாமல் அவரை விட்டுவிட்டார்கள். அன்றைய படம் கண்ணாடித் தகட்டில் பதிந்தது. ஒரு தகட்டில் இரண்டு முறை ஒளி பட்டால் இரண்டு உருவமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பிலிம் காலத்திலும் சுருள் சரியாக நகராவிட்டால் இது நடக்கும். இன்றைய கேமராவில் ஒவ்வொரு படமும் தனிக் கோப்பு, ஒன்று இன்னொன்றில் கசியாது. ஆகவே நம் கதையில் பெரியவர் தெரிகிறார் என்றால், அவர் அங்கே நின்றிருந்தார் என்றுதான் பொருள்.

சரி, எல்லாப் படத்திலும் எப்படி?

இங்கேதான் கதையின் முதல் முடிச்சு இருக்கிறது. பிலிம் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு 36 படச் சுருள் ஐந்தோ ஆறோ போகும். எடுத்தது இருநூறு என்றால் ஆல்பத்தில் ஒட்டியதும் ஏறக்குறைய இருநூறு. இப்போது இரண்டு கேமராக்களில் சேர்த்து 4,000 படம் எடுக்கிறோம். ஆல்பத்துக்குப் போவது 180 அல்லது 200. "நீங்களே நல்லதாப் பார்த்துப் போட்டுருங்க தம்பி" என்று வீட்டார் சொல்லிவிட்டால், இருபதில் ஒன்றைப் பொறுக்குவது போட்டோகிராபரின் கண்தான். அப்படியானால் நம் ஆள் முதலில் செய்ய வேண்டியது, ஒதுக்கிய மூவாயிரத்துச் சொச்சம் படங்களைத் திறந்து பார்ப்பது. அவற்றில் பெரும்பாலானவற்றில் பெரியவர் இல்லை. தேர்ந்தெடுத்த 180இல் மட்டும், ஒன்று விடாமல் இருக்கிறார்.

எழுதுகிறவர் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். பெரியவரை ஆல்பத்துக்குள் கொண்டுவந்தது போட்டோகிராபரே. ஏன் கொண்டுவந்தார்? படங்களை மறுபடி பார்க்கிறார். மாலை மாற்றும்போது சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் கேமராவைப் பார்க்கிறார்கள், மீதிப் பேர் கையில் இருக்கும் போனைப் பார்க்கிறார்கள். பெரியவர் ஒருவர்தான் மாலையைப் பார்க்கிறார். தாலி கட்டும்போது முடிச்சைப் பார்க்கிறார். நெற்றியில் குங்குமம் வைக்கும்போது விரல் நுனியைப் பார்க்கிறார். அந்தந்தக் கணத்தில் எதைப் பார்க்க வேண்டுமோ அதை அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே காட்சியில் பத்துப் படம் எடுத்திருந்தால், அவர் இருக்கும் படத்துக்குத்தான் ஓர் உயிர்ப்பு வந்திருக்கிறது. காரணம் தெரியாமலே கை அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அடுத்தது, முகம். கேன்டிட் படம் எடுப்பவர்கள் லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து வைத்து எடுக்கிறார்கள். 85 மில்லிமீட்டர் லென்ஸில், துவாரம் எஃப் 1.8இல், மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கும் மணப்பெண்ணை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 13 சென்டிமீட்டர்தான். ஒரு சாண்கூட இல்லை. பின்னால் நிற்பவர் வெறும் வெள்ளைப் பூச்சாகக் கரைந்துவிடுவார். ஆகவே அந்தப் படங்களில் பெரியவருடைய முகம் தெரிந்தது என்று எழுதினால், படம் எடுக்கத் தெரிந்த வாசகர் கதையை அங்கேயே மூடிவிடுவார். அங்கே அவரை அடையாளம் காட்ட வேண்டியது முகமல்ல, நிற்கும் விதம்: இடது காலில் எடை, லேசாக முன்னால் சாய்ந்த தோள், வயிற்றுக்கு நேராக இரண்டு கையும். முகம் வேண்டுமென்றால் குடும்பப் படங்களுக்குப் போக வேண்டும். அவற்றை 24 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 8 வைத்து எடுப்போம். மூன்று மீட்டருக்குப் போகஸ் வைத்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை எல்லாம் தெளிவாக விழும். அதில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். எழுபது வயது, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடிக் கூடு.

இப்போது வீட்டாரிடம் கேட்க வேண்டும். பெண்ணின் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னுல்ல நெனச்சேன். நல்லாக் கவனிச்சுச் சாப்பிட வச்சேனே" என்கிறார். மாப்பிள்ளையின் தாய்மாமா, "பொண்ணு வீட்டுப் பெரியவர்னு கும்பிட்டேன் தம்பி" என்கிறார். நம் ஊர்க் கல்யாணத்தில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் நாள் முழுக்க மரியாதையோடு இருக்க முடிவது இந்த ஒரு காரணத்தால்தான். இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று அன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கின்றன.

பயம் வருகிற இடம் இதற்குப் பிறகுதான். உதவியாளன் கோப்புகளில் பதிந்திருக்கும் நேரத்தைப் பார்க்கிறான். காலை 7:48க்கு முதல் கேமராவில் மணமேடையில் அம்மி மிதிக்கும் சடங்கு. பெரியவர் ஓரமாக நிற்கிறார். அதே 7:48க்கு இரண்டாவது கேமராவில் கீழே முதல் பந்தி. இலைக்குப் பக்கத்தில் பெரியவர் நிற்கிறார். ஒரே ஆள், ஒரே நிமிஷம், இரண்டு தளம்.

அனுபவப்பட்டவர் இதில் பதற மாட்டார். இரண்டு கேமராவின் கடிகாரமும் தானாக ஒத்துப்போவதில்லை. காலையில் ஒரே சுவர்க் கடிகாரத்தை இரண்டு கேமராவிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால் ஒரு வழிதான்: இரண்டு கேமராவும் சேர்ந்து எடுத்த ஒரு கணத்தைத் தேட வேண்டும். தாலி கட்டும் படத்தை யாரும் தவறவிட மாட்டார்கள். முதல் கேமராவில் அது 7:31:10. இரண்டாவதில் 7:42:14. ஆக இரண்டாவது கேமரா 11 நிமிஷம் 4 விநாடி முந்தி ஓடுகிறது. அப்படியானால் பந்திப் படம் உண்மையில் 7:37க்கு எடுத்தது. தாலி கட்டிய ஆறாவது நிமிஷம் பெரியவர் கீழே போயிருக்கிறார். பதினோரு நிமிஷத்தில் அம்மி மிதிக்கும் நேரத்துக்கு மேலே வந்திருக்கிறார்.

கணக்கு நேரானதும் பயம் போய்விடுகிறது, கேள்வி மட்டும் கூர்மையாகிறது. தாலி கட்டியதும் முதல் பந்திக்கு ஓடி, அம்மி மிதிப்பதற்குள் திரும்பி வருவது விருந்தாளியின் பழக்கமில்லை. விருந்தாளி உட்கார்ந்து சாப்பிடுவார்.

இன்னொரு படமும் இருக்கிறது. மணமகள் அறையில், கண்ணாடி முன்னால் பெண்ணுக்கு ஜடை தைக்கிறார்கள். கண்ணாடிக்குள் திறந்த கதவு, கதவுக்கு வெளியே நடையில் ஒரு வெள்ளைச் சட்டை. அந்தக் காலத்துப் போட்டோகிராபர் பெண் தயாராகி வெளியே வரும்வரை அறைக்குள் போக மாட்டார். அந்த நடையில்தான் நிற்பார்.

எழுதுகிறவர் இதை விளக்கிச் சொல்லவே கூடாது. கண்ணாடியையும் கதவையும் மட்டும் காட்டிவிட்டு மொய் நோட்டுக்குப் போய்விட வேண்டும்.

மொய் எழுதுமிடத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பெரியவருக்கு முன்னால் நிற்பவர் பெண்ணின் பெரியப்பா மகன். பெண் வீட்டு மொய் நோட்டில் அவர் பெயரைக் கண்டுபிடித்து, அடுத்த வரியைப் பார்த்தால் போதும் என்று தோன்றும். போதாது. வரிசையில் நிற்கும் ஒருவரே ஊரிலிருந்து வர முடியாத நாலு பேருக்கும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் நகர்வார். பெரியப்பா மகன் பெயருக்குக் கீழே அப்படி மூன்று வரி, மூன்றும் அவருடைய பங்காளிகள். நான்காவது வரியில் ஊர் உசிலம்பட்டி. அதற்கு நேராக ஒரு பெயர். ஒரே பெயரில் பலர் இருக்கும் ஊர்களில் குழப்பம் வராமலிருக்க, மொய் எழுதுபவர் தொழிலையும் கேட்டு எழுதுவதுண்டு. இங்கேயும் எழுதியிருக்கிறார்: போட்டோ கடை. ரூபாய் 501.

அதற்குப் பிறகு போட்டோகிராபர் பெண் வீட்டுக்குப் போகிறார். பெண்ணின் அம்மா பீரோவிலிருந்து தன்னுடைய கல்யாண ஆல்பத்தை எடுத்துக் கொடுக்கிறார். 1994. அட்டையின் ஓரம் நைந்திருக்கிறது. ஒட்டு விட்டுப்போன ஒரு படத்தைத் திருப்பினால் பின்னால் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப்: கடையின் பெயர், உசிலம்பட்டி.

அவர் படங்களைப் பார்க்கிறார். மாலை மாற்றுவது மேடையின் இடது ஓரத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. இன்று அந்த இடத்தில் வீடியோக்காரரின் ஸ்டாண்ட் நிற்கும். அதனால் தான் வலது பக்கம் நின்று எடுத்தது அவருக்கு நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து பார்த்தால், எதிரே அந்த இடது ஓரம். தாலி, அதே ஓரம். முதல் பந்தி, வாசற்படிக்குப் பக்கத்திலிருந்து. அம்மி, தரையோடு குனிந்து. மாற்றமில்லாத ஒரே வரிசையில் ஒருவர் நின்று நின்று நகர்ந்திருக்கிறார்.

"இவரை அழைச்சிருந்தீங்களாம்மா?"

"யாரை?"

"இதை எடுத்தவரை."

அம்மா யோசிக்கிறார். "பத்திரிகை கொடுக்கல தம்பி. கடை இருந்த இடத்துல இப்ப செல்போன் கடை வந்துருச்சு. அந்தப் பக்கம் போனப்ப வாசல்ல உட்கார்ந்திருந்தார். பொண்ணுக்குக் கல்யாணம்னு வாயால சொன்னேன். அவ்வளவுதான்." பிறகு கேட்கிறார்: "ஏன், வந்திருந்தாரா?"

போட்டோகிராபர் பதில் சொல்லாமல் 1994 ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டுகிறார். பெண்ணின் அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், இன்று உயிரோடில்லாத பாட்டிகள் இருக்கிறார்கள், சமையல்காரர் இருக்கிறார், நாதஸ்வரக்காரர் இருக்கிறார். ஒரு படத்திலும் அவர் இல்லை.