மாவு பொங்குவது யாருடைய கைராசி?

உதகைக்குப் பணிமாற்றலாகிச் சென்ற ஆண்டின் மார்கழியில், எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஒரு மாதம் இட்லி கல்லாகவே இருந்தது. கோவையிலிருந்து கொண்டுவந்த அதே கிரைண்டர். அதே அரிசி, அதே உளுந்து. இரவில் கரைத்து வைத்த மாவு காலையில் வைத்தபடியே கிடந்தது. உடனிருந்த என் தாயார், மருமகளின் கைக்கு ராசி இல்லை என்று முடிவுகட்டினார். மறுநாள் அவரே கரைத்துப் பார்த்தார், அதுவும் பொங்கவில்லை. அப்போதும் தீர்ப்பு மாறவில்லை. 'உளுந்தை ஊறவைத்தது அவள்தானே' என்றார்.

கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்துவந்த எனக்குத்தான் வெட்கம். இட்லி மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட் என்றே ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். ரொட்டிக்கு ஈஸ்ட், இட்லிக்கும் ஈஸ்ட் என்ற எளிய கணக்கு. அந்த நம்பிக்கையில், அடுமனையில் ஈஸ்ட் வாங்கிவந்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பொங்காத மாவில் ஊற்றி அடுப்பருகே வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிட்டது. வென்றுவிட்டதாகவே நினைத்தேன். ஆனால், இட்லியை வாயில் வைத்தபோது அதில் புளிப்பே இல்லை. ரொட்டியின் வாசனைதான் இருந்தது.

ஏன் அப்படி? ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைக்கும்போது உண்டாவது கரியமில வாயுவும் சாராயமும். அமிலம் சொல்லும்படியாக உண்டாவதில்லை. இட்லி மாவில் வாயுவும் வேண்டும், புளிப்பும் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தருவது லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டஸ் என்ற பாக்டீரியா. ஒரு சர்க்கரை மூலக்கூறை எடுத்துக்கொண்டால், அது லாக்டிக் அமிலம் ஒரு பங்கு, சாராயம் ஒரு பங்கு, கரியமில வாயு ஒரு பங்கு என மூன்றாகப் பிரித்துவிடுகிறது. தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான் இதுவும்.

இட்லி மாவு பொங்குவதற்கு இந்தப் பாக்டீரியாவே முதற்காரணம் என்பதை 1965-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டைன்கிராஸ், முகர்ஜி முதலியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம் வீட்டு மாவில் ஈஸ்ட் அறவே இருப்பதில்லை என்பது இதன் பொருளன்று. பல மாவுகளில் அது உண்டு. கொஞ்சம் வாயுவும் மணமும் சேர்க்கும். ஆனால், அது இல்லாமலும் மாவு பொங்கும் என்பதே செய்தி. இந்தப் பாக்டீரியாக்கள் முக்கியமாக உளுந்தோடு வருபவை. ஊறும்போதே பெருகத் தொடங்கிவிடுகின்றன. நாம் போடும் உப்பையும் அவை ஓரளவு தாங்கும்.

மாவில் லூக்கோநாஸ்டாக் எப்போதும் தனித்து ஆள்வதில்லை. புளிப்பு ஏற ஏற அதன் வேகம் குறைய, புளிப்பை மேலும் தாங்கக்கூடிய வேறு பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. பீடியோகாக்கஸ் அவற்றுள் ஒன்று. இவை சர்க்கரையைப் பெரும்பாலும் லாக்டிக் அமிலமாகவே மாற்றுகின்றன, வாயு தருவதில்லை. இரவில் பொங்கிய மாவை மறுநாள் மாலைவரை வெளியே விட்டால், அது மேலும் உயராமல் மேலும் புளிப்பது இதனால்தான். உயர்ந்த மாவு அதற்குள் சற்றே அமிழ்ந்தும் போயிருக்கும். அதைத் தோசைக்கு ஒதுக்குகிற வழக்கம் பொருத்தமானதே. கல்லில் மெல்லியதாக இழுக்கும் மாவுக்கு இட்லி அளவுக்கு வாயு தேவையில்லை. சுவைக்குப் புளிப்பு வேண்டும்.

வாயு உண்டானால் மட்டும் போதாது. அது மாவுக்குள் நிற்கவும் வேண்டும். அரிசி மாவைத் தனியே புளிக்கவைத்துப் பாருங்கள்: குமிழிகள் மேலேறி உடைந்துவிடும். கோதுமையில் இருப்பது போன்ற பசைப்புரதம் அரிசியில் இல்லை. அந்தக் குறையை நிரப்புவது உளுந்து. ஊறிய உளுந்தைத் தொட்டால் வழுவழுவென்று இருக்கிறதல்லவா, அந்த வழுவழுப்பும் உளுந்தின் புரதங்களும் சேர்ந்துதான் நுரையைத் தாங்குகின்றன. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உளுந்தைத் தனியே, பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும் என்று நம் பாட்டிமார் வற்புறுத்தியதற்கு இதுவே காரணம். ஆட்டும்போதே காற்று நுண்ணிய குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. பாக்டீரியா தரும் வாயு அக்குமிழிகளைப் பெரிதாக்குகிறது.

இவ்வளவும் விளங்கியபின், பொங்காத மாவை எங்கே சோதிப்பது என்பதும் விளங்கிற்று. மூக்கில்தான். மாவு பொங்கவில்லை, ஆனால் புளித்த வாசனை வருகிறது என்றால், பாக்டீரியா தன் வேலையைச் செய்துவிட்டது; வாயுதான் தங்கவில்லை. உளுந்து குறைவாகப் போட்டிருக்கலாம், சரியாக ஆட்டாமல் விட்டிருக்கலாம், தண்ணீர் அதிகமாகியிருக்கலாம். பொங்கவும் இல்லை, புளிக்கவும் இல்லை, பச்சை மாவின் வாசனையே வீசுகிறது என்றால், பாக்டீரியாவே வேலை தொடங்கவில்லை. பெரும்பாலும் குளிர்தான் காரணம். சில வேளைகளில் அளவு மீறிய உப்பு. எங்கள் வீட்டு மாவு இந்த இரண்டாம் வகை. அடுக்களையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்; இரவு 10 மணிக்கு 11 டிகிரி செல்சியஸ் காட்டியது. மாவு ஓரிரவில் பொங்க 25 முதல் 30 டிகிரி வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் கையில் எடுப்பது சமையல் சோடா. புளிக்காத மாவில் அதைக் கலந்தால், வேகும்போது கொஞ்சம் வாயு வரும். ஆனால், அமிலம் வராது. இருக்கிற சிறிதளவு அமிலத்தையும் சோடா முறித்துவிடும். அளவு மிஞ்சினால் இட்லி மஞ்சள் பாய்ந்து, சவர்க்காரம்போல் சுவைக்கும். போதாக்குறைக்கு, பி1 வைட்டமின் காரத்தில் சிதையக்கூடியது. பஞ்சுபோன்ற இட்லியில் துளியும் புளிப்பில்லை என்றால் நான் சோடாவைத்தான் சந்தேகிப்பேன்.

கைராசி வழக்குக்கு வருகிறேன். 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் முழு உளுந்து, 5 மணி நேர ஊறல். உளுந்தைத் தனியே பொங்க ஆட்டி, அரிசியைச் சற்றுக் கரகரப்பாக அரைத்து, உப்புச் சேர்த்தபின் மாவை மூன்று பாத்திரங்களில் சமமாக ஊற்றினோம். முதலாவதை மனைவி கையால் கரைத்தார். இரண்டாவதையும் மூன்றாவதையும் கொதிநீரில் முக்கியெடுத்த கரண்டியால் கலக்கினார். முதலிரண்டையும் ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் வெந்நீர்ப் பாத்திரத்துடன் வைத்துக் கம்பளி போர்த்தினேன். இரவில் இருமுறை எழுந்து வெந்நீரை மாற்றினேன். மூன்றாவது மேடைமீதே இருந்தது.

காலை 7 மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது, இரண்டு மாவும் விளிம்புவரை ஒன்றுபோல் உயர்ந்திருந்தன. மேடைமீதிருந்தது அசையவில்லை. குளிரில் பாக்டீரியா சாகவில்லை, சுணங்கியிருந்தது, அவ்வளவே. அதையும் பெட்டிக்குள் வைத்ததும் மாலைக்குள் பொங்கியது.

கையால் கரைத்ததும் கரண்டியால் கலக்கியதும் ஒன்றாகவே பொங்கியதை அம்மாவிடம் காட்டினேன். குனிந்து இரண்டையும் முகர்ந்து பார்த்தார்.

"கரண்டியைப் பிடிச்சது யார் கைடா?" என்றார்.