வாயைச் சுற்றிச் சிவப்புப் பொரிகள்: பூசப் பூச ஏன் வளர்கின்றன?

இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூக்கோரம் சிவந்து அரித்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் பூசினார். இரண்டு நாளில் சிவப்பு அடங்கியது. நிறுத்தியதும் திரும்ப வந்தது, மறுபடி பூசினார். சில மாதங்களில் வாயைச் சுற்றியும் முகவாயிலும் கடுகளவுப் பொரிகள் கூட்டமாகக் கிளம்பின. தோல் வறண்டு செதில் விட்டதால், மேலே கெட்டியான மாய்ஸ்சரைசரும் சேர்ந்தது. எரிச்சல்தான் கூடியது.

இதற்குப் பெரியோரல் டெர்மடைடிஸ் என்று பெயர். 15 முதல் 45 வயதுக்குட்பட்ட பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பலரும் இதை முகப்பரு என்றே நினைக்கிறார்கள். ஆனால் பருவில் இருக்கும் கரும்புள்ளிகள் இதில் இருப்பதில்லை. அரிப்பைவிட எரிச்சலே முந்தி நிற்கும். உதட்டை ஒட்டிய மெல்லிய வளையம் மட்டும் பெரும்பாலும் பொரியில்லாமல் தெளிவாக இருக்கும். மருத்துவர்கள் முதலில் பார்ப்பது அந்த வளையத்தைத்தான். தொற்றுநோயல்ல; அடுத்தவருக்குப் பரவாது.

அந்த ட்யூபில் இருந்தது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அடக்குவதால் சிவப்பு சட்டென்று மறைகிறது. ஆனால் முகத்தில் நாள்பட்டுப் பூசினால் தோலின் மேலடுக்கு மெலிந்து, அதன் காப்புத்திறன் குறைகிறது. மருந்தை நிறுத்தியதும் அடங்கியிருந்த அழற்சி முன்னைவிட வேகமாகக் கிளம்புகிறது. ‘க்ரீம் இல்லாவிட்டால் முகம் கெடுகிறது’ என்று நினைத்து மீண்டும் பூசுபவர், நோய்க்குக் காரணமானதையே மருந்தாக எடுத்துக்கொள்கிறார்.

எனவே சிகிச்சையின் முதல் படி, பூசுவதை எல்லாம் நிறுத்துவது. ஸ்டீராய்டு, கனமான மாய்ஸ்சரைசர், மேக்கப் மூன்றையும் விட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும். முதல் ஓரிரு வாரம் பொரிகள் கூடும். பலரும் மனம் தளர்ந்து பழைய ட்யூபைத் தேடுவது அப்போதுதான். வீரியமான ஸ்டீராய்டை நெடுநாள் பூசியவருக்கு, மருத்துவர் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவதும் உண்டு.

லேசான நிலையில் மெட்ரோனிடசோல் அல்லது எரித்ரோமைசின் மேல்பூச்சு தருவார்கள். அதிகமாக இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்கள் சாப்பிட வேண்டிவரும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அந்த மாத்திரையைப் பொதுவாகத் தருவதில்லை. முழுதாகத் தெளிய ஓரிரு மாதங்கள் பிடிக்கும்.

ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள ஸ்டீராய்டாலும் இது வரலாம். அவற்றை மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது. உபயோகித்ததும் முகத்தைக் கழுவிவிட்டு, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

‘சிவப்பழகு’ தருவதாக விற்கும் சில க்ரீம்களிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ட்யூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால், மொமெட்டாசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் அதை முகத்தில் பூச வேண்டாம்.