முகம் மாற்றிய வீடியோ, நிமிர்ந்த திரைக்கு

நண்பரின் சம்மதத்தோடு முகம் மாற்றிய 30 விநாடி வீடியோ ஒன்று. அகலம் 1920 பிக்சல், உயரம் 1080. செல்போனின் 9:16 திரைக்கு வெட்டினால் 608 பிக்சல் அகலமே மிஞ்சும். அதை 1080 அகலத்துக்கு இழுத்தால் ஒட்டிய முகத்தின் விளிம்பு பல்லிளிக்கும். 720-க்கு 1280 போதும்.

நடுவில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக்கூடாது. முகம் நகர்ந்தால் வெட்டும் சட்டமும் கூடவே நகரவேண்டும்.

மூலம் விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஏற்றுமதியிலும் 25தான். 30 ஆக்கினால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரட்டிக்கும். தலை திரும்பும்போது அசைவு திக்கும்.

கோப்பின் அளவுக்குக் கணக்கு எளிது: விநாடிக்கு 4 மெகாபிட், 30 விநாடிக்கு 120. எட்டால் வகுத்தால் 15 எம்பி. ஒலிக்குக் கொஞ்சம் கூடும். அனுப்புமுன் செல்போனிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.