அந்த 60 சுற்று எங்கே போனது?

கிணற்றடியில் ஓடும் 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஒன்றின் பெயர்த்தகட்டில் 1440 என்று எழுதியிருக்கிறது. நிமிடத்துக்கு அத்தனை சுற்று என்று பொருள். ஆனால் கணக்குப்படி வரவேண்டியது 1500. மீதி 60?

மோட்டாரின் அசையாத பகுதி ஸ்டேட்டர். அதன் சுருள்களில் மும்முனை மின்சாரம் பாய்ந்தால் உள்ளே ஒரு காந்தப்புலம் சுழலும். சுருள் நின்ற இடத்தில் நிற்க, புலம் மட்டும் சுற்றிவரும். நம் மின்சாரம் நொடிக்கு 50 அலைகள் கொண்டது. சுருளை இரண்டு துருவங்களாகக் கட்டியிருந்தால் ஒவ்வோர் அலைக்கும் புலம் ஒரு முழுச் சுற்று சுற்றும், நிமிடத்துக்கு 3000. நான்கு துருவம் என்றால் ஓர் அலைக்கு அரைச் சுற்றுதான், ஆகவே 1500. சுருக்கமாக, அலைவெண்ணை 120-ஆல் பெருக்கித் துருவ எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இதற்குப் பெயர் ஒத்தியங்கு வேகம். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் அமெரிக்காவில் நான்கு துருவப் புலம் 1800 முறை சுற்றும்.

புலத்தின் வேகத்தை ரோட்டாரால் எட்ட முடியாது. வெளியிலிருந்து எந்தக் கம்பியும் அதற்குள் போவதில்லை. புலம் அதன் உலோகக் கட்டைகளைக் கடந்து போனால்தான் அவற்றில் மின்னோட்டம் பிறக்கும். அந்த ஓட்டம்தான் ரோட்டாரைச் சுழற்றுகிறது. ரோட்டாரும் 1500 சுற்றினால் கடந்துபோக எதுவும் இல்லை, விசையும் இல்லை. அதனால் அது எப்போதும் பின்தங்கியே ஓடும். இந்தப் பின்தங்கலே ‘ஸ்லிப்’. 1500-க்கு 60 குறைவு என்றால் 4 சதவீதம்.

சுமையே இல்லாமல் ஓடும் மோட்டார் 1500-ஐ நெருங்கி நிற்கும். சுமை ஏற ஏற, கூடுதல் விசைக்காக அது இன்னும் பின்தங்கும்.

இந்தப் பின்தங்கலுக்கு விலை உண்டு. ரோட்டாருக்குள் வரும் 100 வாட்டில் 4 வாட் அதன் கட்டைகளில் வெப்பமாகிவிடும். 96 மட்டுமே சுழற்சியாகும். 5 குதிரைத்திறன், அதாவது 3.7 கிலோவாட் தரும் மோட்டாரில் இந்த வெப்பம் மட்டும் ஏறக்குறைய 150 வாட். உராய்வும் ஸ்டேட்டர் இழப்பும் தனி.

415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 332 வருவதாக வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அதே ஸ்லிப்பில் கிடைக்கும் விசை 64 சதவீதமாகிவிடும். பம்பு கேட்கும் விசையோ பெரிதாகக் குறையாது. ஈடுகட்ட ஸ்லிப் சுமார் 6 சதவீதமாக உயரும். வேகம் 1410-ஐ ஒட்டி இறங்கும். தண்ணீரில் சிறு குறைவுதான் தெரியும். ஆனால் ரோட்டார் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்; ஸ்டேட்டர் சுருளும் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடேறும். குறைந்த மின்னழுத்தத்தில் காயில் கருகுவது இப்படித்தான்.

டேக்கோமீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக் இதை அளந்தே சொல்லிவிடுவார். தகட்டில் உள்ள வேகத்துக்குச் சில சுற்று முன்பின் இருப்பது இயல்பு. 1400-க்கும் கீழே போனால் முதலில் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தும் வேகம் ஏறவில்லை என்றால், அளவுக்கு மீறிய சுமை அல்லது உடைந்த ரோட்டார் கட்டை காரணமாக இருக்கலாம்.