பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர்?

செஞ்சி சுற்றுவட்டாரத்தில் குழந்தைக்கு வயிற்றால் போனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைப்பது பெரும்பாடில்லை. ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, மருந்துக்கடை என எங்காவது கிடைத்துவிடும். தவறு நடப்பது அதைக் கரைக்கும்போதுதான். அதனால் தாய்மார்களுக்காக ஒரு படத்தாள் வரைவதென்றால், குழந்தையை வரைவதற்கு முன் பாத்திரத்தை வரைய வேண்டும்.

டம்ளரில் முழுப் பொட்டலம்

பெரிய பொட்டலத்தில் இருக்கும் தூள் சுமார் 21 கிராம். அது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. குழந்தை குடிக்கப்போவது கொஞ்சம்தானே என்று அதை 200 மில்லி டம்ளரில் கொட்டிக் கலக்கினால், கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகிவிடும். அளவாகக் கரைத்தால் அதிலுள்ள உப்பு நம் ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் குடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. டம்ளரில் கரைத்ததிலோ உப்பு ரத்தத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். அப்போது உடம்பிலிருக்கும் தண்ணீரும் குடலுக்குள் இறங்கும். பேதி கூடும், தாகம் அடங்காது, ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புகூட வரலாம். மருந்து கொடுத்தும் மோசமாகிறதே என்று தாய் கரைசலையே நிறுத்திவிடுவார்.

200 மில்லிக்கான சிறு பொட்டலங்களும் கடையில் உண்டு. அதை ஒரு லிட்டரில் கரைத்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான். இழந்த உப்பு உடம்புக்குத் திரும்பாது. எனவே பொட்டலத்தின் மேல் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறது என்பதை அங்கன்வாடி டீச்சரிடமோ பள்ளி போகும் பிள்ளையிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதித் தூளை எடுத்துக்கொண்டு மீதியை மடித்து வைப்பதும் கூடாது. உப்பும் சர்க்கரையும் சரிபாதியாகப் பிரியும் என்று சொல்ல முடியாது. திறந்த தூளில் ஈரமும் ஏறிவிடும்.

சொம்பில் ஒரு கோடு

வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய் உப்பு, வெல்லக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தது. 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். பொது அளவை வாயால் சொல்லிவிட்டு வராமல், அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே தண்ணீர் எதுவரை நிற்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார்கள்.

நம் ஊரிலும் வீட்டுக்கு வீடு சொம்பின் அளவு வேறு. ஆனால் செஞ்சி பேருந்து நிலையத்தில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லோருக்கும் தெரியும். படத்தாளின் முதல் படம் அதுவாக இருக்கட்டும். கழுவிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பிச் சொம்பில் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆணியால் கீறிவிட்டால், அடுத்த முறை பாட்டில் தேவையில்லை.

படத்தை எப்படிப் படிக்கிறார்கள்?

அடுத்த படங்கள்: சோப்புப் போட்டுக் கை கழுவுவது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், பொட்டலம் முழுவதும் கவிழ்வது, தூள் அடியில் தங்காமல் கலக்குவது. டம்ளரில் பொட்டலத்தைக் கொட்டுவதை வரைந்து பெருக்கல் குறி போடுவதை நான் தவிர்ப்பேன். எழுத்துப் பழக்கமில்லாதவர் கண்ணில் குறி பதியாமல் டம்ளர் மட்டும் பதிந்துவிடலாம். தாளைக் காட்டி “புரியுதாம்மா?” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “இந்தப் படத்துல என்ன பண்றாங்க, சொல்லுங்க” என்று கேட்டு, பிறகு அவர் கையாலேயே கரைக்கச் சொன்னால்தான் தெரியும். வாயில் வைத்துப் பார்க்கலாம்: கண்ணீரைவிடக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான்.

கொடுக்கும் அளவு

ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் என்றால் கால் டம்ளர் முதல் அரை டம்ளர், அதற்கு மேல் அரை முதல் ஒரு டம்ளர். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. போன தண்ணீரை ஈடுகட்டும். செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும்.

பொட்டலம் இல்லாத இரவில்

ஒரு லிட்டர் தண்ணீரில் டீஸ்பூனால் தலை தட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் தூள் உப்பு. கல்லுப்பு என்றால் பொடித்துவிட்டு அளக்க வேண்டும். இதில் பொட்டலத்திலுள்ள பொட்டாசியம் கிடையாது. ஆகவே விடியும்வரை சமாளிக்கத்தான் இது.

காத்திருக்கக் கூடாத நேரம்

கண் குழிவிழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், குடித்ததெல்லாம் வாந்தியானால், குழந்தை துவண்டு குடிக்க மறுத்தால், அல்லது இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். விழுங்க முடிகிற குழந்தைக்கு வழியெல்லாம் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போகலாம். மயங்கிக் கிடக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.