lw கட்டளைக்கு எத்தனை துடிப்பு?

மிப்ஸ் வகைச் செயலிகளில் நினைவகத்திலுள்ள ஓர் எண்ணை ரெஜிஸ்டருக்குக் கொண்டுவரும் கட்டளை lw. முகவரி முறை, பைப்லைன், கேச் என்று பாடப்புத்தகங்கள் தனித்தனி அத்தியாயங்களில் சொல்லும் மூன்றும் இந்த ஒரே கட்டளைக்குள் சேர்ந்து வருகின்றன. அதனால் மூன்றையும் இதைக் கொண்டே விளங்கிக்கொள்வது எளிது.

```
lw  $t0, 8($s1)
add $t1, $t0, $t2
sub $t3, $t4, $t5
```

முதல் வரியில் வேண்டிய எண் கட்டளைக்குள் இல்லை. அது இருக்கும் இடமும் முழுதாகச் சொல்லப்படவில்லை. $s1 ரெஜிஸ்டரில் இருப்பதோடு 8-ஐக் கூட்டினால்தான் இடம் தெரியும். $s1-இல் 1000 இருந்தால் முகவரி 1008. இதுவே அடிப்படை-இடப்பெயர்ச்சி முறை. இரண்டாம், மூன்றாம் வரிகளில் எண்கள் ரெஜிஸ்டர்களிலேயே தயாராக உள்ளன. அது ரெஜிஸ்டர் முறை. addi $t0, $t0, 8 என்று எழுதினால் 8 என்பதே கூட்டப்படும் எண்; அது உடனடி முறை. ஒரே 8 ஓரிடத்தில் தூரமாகவும் இன்னோரிடத்தில் மதிப்பாகவும் நிற்கிறது. lw கட்டளையில் இந்தத் தூரத்துக்கு 16 பிட்டுகளே உண்டு. அதனால் -32768 முதல் 32767 வரைதான் எழுத முடியும். அதைத் தாண்டினால் முகவரியை முன்கூட்டியே வேறு கட்டளைகளால் கணக்கிட வேண்டும்.

ஒவ்வொரு கட்டளையும் ஐந்து கட்டங்களைக் கடக்கிறது: கட்டளையை எடுத்தல், பிரித்தறிந்து ரெஜிஸ்டர்களைப் படித்தல், கணக்கிடல், நினைவகத்தை அணுகல், விடையை ரெஜிஸ்டரில் எழுதல். கட்டத்துக்கு ஒரு கடிகாரத் துடிப்பு. ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கினால் மூன்று கட்டளைகளுக்கு 15 துடிப்புகள் ஆகும். பைப்லைனில் துடிப்புக்கு ஒரு கட்டளை உள்ளே நுழைவதால் 5 + 2 = 7 போதும்.

ஆனால் மேலுள்ள மூன்று வரிகள் 7 துடிப்பில் முடியாது. lw நினைவகத்தை அணுகுவது 4-ஆம் துடிப்பில். எண் கைக்கு வருவது அத்துடிப்பின் முடிவில். add தன் கணக்கிடலைத் தொடங்க வேண்டியதோ 4-ஆம் துடிப்பின் தொடக்கத்தில். கிடைத்த எண்ணை ரெஜிஸ்டரில் எழுதும்வரை காக்காமல் நேரே கணக்கிடும் பகுதிக்கு அனுப்பும் குறுக்குவழி இருந்தாலும் add ஒரு துடிப்பு நின்றே ஆகவேண்டும். மொத்தம் 8. தொடக்ககால மிப்ஸ் செயலிகளில் இந்த நிறுத்தத்தை வன்பொருள் பார்த்துக்கொள்ளவில்லை. கம்பைலரோ அசெம்பிளரோ இடையில் ஒரு nop வைக்க வேண்டியிருந்தது. வைக்காவிட்டால் add பழைய $t0-ஐ எடுத்துவிடக்கூடும். பிழைச் செய்தி ஏதும் வராது. விடை மட்டும் தவறாக இருக்கும்.

நல்ல கம்பைலர் இந்தத் துடிப்பை வீணாக்குவதில்லை. sub வரிக்கு $t0 தேவையில்லை என்பதால் அதை lw-க்கும் add-க்கும் நடுவில் நகர்த்துகிறது. விடை மாறாது, கணக்கு மீண்டும் 7.

இதெல்லாம் 1008-இல் உள்ள எண் முதல் நிலைக் கேச்சில் இருந்தால்தான். இல்லாவிட்டால் எளிய பைப்லைன் முழுவதும் நின்றுவிடும். முதல் நிலைக்கு 1 துடிப்பு, இரண்டாம் நிலைக்குக் கூடுதலாக 10, நினைவகத்துக்கு மேலும் 100 என்று கொள்வோம். முதல் நிலையில் 100-க்கு 5 முறை எண் கிடைப்பதில்லை. இரண்டாம் நிலைக்குப் போனவற்றிலும் ஐந்தில் ஒன்று கிடைப்பதில்லை. அப்போது சராசரி:

```
1 + 0.05 × (10 + 0.20 × 100) = 2.5
```

இரண்டாம் நிலையே இல்லையென்றால் 1 + 0.05 × 100 = 6. மெதுவானதாக இருந்தும் இரண்டாம் நிலை காத்திருப்பைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது.

தவறுகளில் ஒரு வகை கேச் நிரம்பாதபோதும் நேரும். 16 பைட் தொகுதிகள் எட்டை மட்டும் வைக்கும் சிறிய நேரடிக் கேச்சை எடுத்துக்கொள்வோம். 1008 ÷ 16 = 63; அதை 8-ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே அத்தொகுதிக்கு 7-ஆம் வரிசை. 1136-க்கு 1136 ÷ 16 = 71; மீதி மறுபடியும் 7. ஒரு லூப் இவ்விரண்டையும் மாறிமாறிப் படித்தால், ஏழு வரிசைகள் காலியாக இருக்கும்போதே ஒன்றையொன்று வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு lw-உம் தவறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரடிச் சோதனை உண்டு. இரண்டாம் எண்ணை 16 பைட் தள்ளி 1152-இல் வைத்தால் தொகுதி எண் 72, மீதி 0. மோதல் நீங்கி லூப் சட்டென வேகம் பிடிக்கும். கேச்சின் கொள்ளளவே போதாமலிருந்தால் இந்த நகர்த்தலால் பயன் இராது. வன்பொருளில் இதற்கான வழி இருவழிக் கேச்: அதே எட்டு இடங்களை இரண்டிரண்டாக நான்கு கணங்களாக்கினால் 63, 71 இரண்டும் 3-ஆம் கணத்தில் அருகருகே தங்கும். அதற்கு விலையாக ஒவ்வொரு தேடலிலும் இரண்டு முகவரி அடையாளங்களை ஒப்பிட வேண்டும்.